மாதிரியெடுப்பு முறைகளைப் பட்டியலாகப் போடாமல் ஒரே சர்வேயின் வழியே விளக்குவது

கேள்வி: "ஆய்வு முறையியல் வகுப்புக்கு ஸ்லைடு தயாரிக்கிறேன். மாதிரியெடுப்பு முறைகளையும், பக்கச்சார்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் கல்லூரி மாணவர்களிடம் எடுத்த சர்வே ஒன்றை வைத்து விளக்க வேண்டும். எல்லா முறைகளையும் வரையறையோடு பட்டியலிட்டுவிட்டேன். மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சர்வேயைக் காட்டி இதில் எங்கே தவறு என்று கேட்டால் பதில் வருவதில்லை. எப்படி அமைக்கலாம்?"

ஸ்லைடுகளின் வரிசையை மாற்றுவதுதான் முதல் வேலை. முறைகளின் பெயர்களை வரிசையாக வைக்காமல், ஒரு மாணவர் உங்கள் தரவுக்குள் வந்து சேரும் பாதையை வரிசையாக வையுங்கள். யாரைப் பற்றிப் பேசப்போகிறோம், அவர்களுக்கு எந்தப் பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலிலிருந்து யாரைத் தேர்ந்தெடுத்தோம், தேர்ந்தெடுத்தவர்களில் யார் பதில் அளித்தார்கள், அளித்த பதில் எவ்வளவு சரி என்பவையே அந்தப் பாதையின் படிகள். ஒவ்வொரு படியிலும் சிலர் விடுபட்டுப் போவார்கள். அங்கே மாணவர்கள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இவர்கள் விடுபட்ட காரணத்துக்கும் நாம் அளக்க நினைக்கும் விஷயத்துக்கும் தொடர்பு உண்டா? தொடர்பு இருந்தால் பக்கச்சார்பு வரும். இல்லையென்றால் எத்தனை பேர் விடுபட்டாலும் மதிப்பீட்டின் துல்லியம் குறையுமே தவிர, அது ஒரு பக்கமாகச் சாயாது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துவிட்டால் முறைகளின் பெயர்கள் தாமாகவே நினைவில் நிற்கும் என்பது, இந்தப் பாடத்தை நீண்ட காலமாகக் கற்பித்துவரும் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

இதற்கு, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கற்பனைக் கல்லூரி தேவை. உண்மையான சர்வே ஒன்றைக் காட்டினால் உண்மையான விகிதம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மதிப்பீடு எவ்வளவு தவறியது என்று காட்ட முடியாது. எண்கள் கற்பனையானவை என்பதை முதல் ஸ்லைடிலேயே எழுதிவிடுங்கள். 4,000 மாணவர்கள் படிக்கும் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 1,600 பேர் விடுதியில் தங்கியிருக்கிறார்கள்; 2,400 பேர் வீட்டிலிருந்து வந்துபோகிறார்கள். பகுதிநேர வேலை செய்யும் மாணவர்கள் எத்தனை விழுக்காடு என்பதுதான் ஆய்வுக் கேள்வி. விடுதி மாணவர்களில் 10 விழுக்காட்டினர், அதாவது 160 பேர், வேலைக்குப் போகிறார்கள். வீட்டிலிருந்து வருபவர்களில் 35 விழுக்காட்டினர், அதாவது 840 பேர், வேலைக்குப் போகிறார்கள். மொத்தம் 1,000 பேர். ஆகவே உண்மையான விகிதம் 25 விழுக்காடு. இந்த 25 என்ற எண்ணை எல்லா ஸ்லைடிலும் ஒரே மூலையில் வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும்.

முதலில், எளிதில் கைக்கு எட்டுபவர்களிடம் மட்டும் கேட்கும் வசதி மாதிரியைக் காட்டுங்கள், ஏனென்றால் மாணவர்கள் தாங்கள் செய்யும் சிறு ஆய்வுகளில் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆய்வாளர் மாலை நேரத்தில் கல்லூரி நூலகத்தின் வாசலில் நின்று 400 பேரிடம் கேட்கிறார். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் விடுதி மாணவர்கள்; 300 விடுதி மாணவர்களும் 100 வீட்டு மாணவர்களும் கிடைத்ததாகக் கொள்வோம். இரு பிரிவிலும் வேலை செய்வோரின் விகிதம் கல்லூரி முழுவதிலும் உள்ளதைப் போலவே இருந்தால், 30 பேரும் 35 பேரும் சேர்ந்து 65 பேர் வேலை செய்வதாகச் சொல்வார்கள். மதிப்பீடு ஏறத்தாழ 16 விழுக்காடு. வழக்கமான சூத்திரப்படி 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால் 12.6 முதல் 19.9 வரை வரும். உண்மையான 25 அதற்குள் இல்லை.

இந்த இடத்தில் மாணவர்களிடமிருந்து எப்போதும் வரும் யோசனை, மாதிரியைப் பெரிதாக்கலாம் என்பது. அதையே அடுத்த ஸ்லைடாக ஆக்குங்கள். அதே வாசலில் இன்னும் பல மாலைகள் நின்று 1,000 பேரிடம் கேட்டாலும், விடுதி மாணவர்களின் பங்கு மாறாதவரை மதிப்பீடு அதே 16 விழுக்காடாகத்தான் இருக்கும். மாறுவது இடைவெளி மட்டுமே, அது 14.0 முதல் 18.5 வரை எனச் சுருங்கும். ஆய்வாளர் முன்பைவிட அதிக நம்பிக்கையோடு அதே தவறான விடையைச் சொல்வார். பிழை வரம்பு என்பது சமவாய்ப்பால் வரும் ஏற்ற இறக்கத்தை மட்டுமே அளக்கிறது. யார் உள்ளே வர முடிந்தது என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இந்த இரண்டு இடைவெளிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்து, வலப்பக்கத்தில் 25-இல் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். முழு விரிவுரையிலும் இதைவிடப் பயனுள்ள படம் இல்லை என்பது என் கருத்து.

அடுத்து எளிய சமவாய்ப்பு மாதிரி. கல்லூரிப் பதிவேட்டிலிருந்து 400 பேரைக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. எல்லோரும் பதில் அளித்தால் மதிப்பீடு சராசரியாக 25-இல் அமையும். பிழை வரம்பு சுமார் 4.2 விழுக்காட்டுப் புள்ளிகள். பதிவேட்டில் ஒவ்வொரு பத்தாவது பெயரையும் எடுக்கும் முறைசார் மாதிரியும் நடைமுறையில் ஏறத்தாழ இதே பலனைத்தான் தரும். தொடங்கும் பெயரைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். பட்டியலின் வரிசையில் பத்துப் பத்தாகத் திரும்ப வரும் ஒழுங்கு எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான், இதற்கு ஒரு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். ஆனால் பதிவேடு என்ற சட்டகத்தைப் பற்றி, அதாவது மாதிரியை எடுக்கும் மூலப் பட்டியலைப் பற்றி, இரண்டு நிமிடம் பேசுங்கள். படிப்பை இடையில் நிறுத்தியவர்களின் பெயர்கள் அதில் இன்னும் இருக்கலாம். தாமதமாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் இல்லாமல் போகலாம். வேலைச் சுமையால் படிப்பை நிறுத்தியவர்களும், பணம் புரட்டிக் கடைசி நேரத்தில் சேர்ந்தவர்களும் நம் ஆய்வுக் கேள்வியோடு நேரடித் தொடர்புடையவர்கள்.

அடுக்கு மாதிரியில், விடுதியிலிருந்து 160 பேரையும் வீட்டு மாணவர்களிலிருந்து 240 பேரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுக்கிறோம். இது பக்கச்சார்பை நீக்கும் முறை என்று பல ஸ்லைடுகளில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அது சரியல்ல. எளிய சமவாய்ப்பு மாதிரியில் நீக்குவதற்கு அத்தகைய பக்கச்சார்பே இல்லை. அடுக்குப் பிரிப்பு தருவது துல்லியம். அதுவும் எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டினால் மாணவர்கள் வியப்படைவார்கள்: நம் எடுத்துக்காட்டில் பிழை வரம்பு 4.2-இலிருந்து 4.1-ஆக மட்டுமே குறைகிறது. இரு பிரிவுகளுக்கிடையே 10-க்கும் 35-க்குமான வேறுபாடு இருந்தும், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்பதே காரணம். இந்த முறையை நான் இன்னொரு காரணத்துக்காகப் பரிந்துரைப்பேன். சிறிய பிரிவு ஒன்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருந்தால், அதிலிருந்து போதிய எண்ணிக்கையினர் கிடைப்பதை இது உறுதி செய்கிறது.

கொத்து மாதிரி இதற்கு நேர்மாறானது. இரண்டையும் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். அடுக்கு மாதிரியில் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் சிலரை எடுக்கிறோம். கொத்து மாதிரியில் சில பிரிவுகளை மட்டும் குலுக்கி எடுத்து, அவற்றில் உள்ள எல்லோரிடமும் கேட்கிறோம். நாற்பது பேர் கொண்ட நூறு வகுப்புகளில் பத்தைத் தேர்ந்தெடுத்தால் அதே 400 பேர் கிடைப்பார்கள், வேலையும் குறைவு. ஆனால் ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள். காலை நேரத்திலேயே பாடங்கள் முடிந்துவிடும் பிரிவில் வேலைக்குப் போகிறவர்கள் கூடுதலாக இருப்பார்கள். செய்முறை வகுப்புகள் மாலை வரை நீளும் பிரிவில் குறைவாக இருப்பார்கள். இந்த ஒற்றுமையை அளக்கும் உள்கொத்துத் தொடர்புக் கெழு 0.05 என்ற சிறிய அளவில் இருந்தாலே, மாறுபாடு 1 + 39 × 0.05 = 2.95 மடங்காகிறது. அதாவது 400 பேரிடம் கேட்டும், எளிய சமவாய்ப்பு மாதிரியில் சுமார் 136 பேரிடம் கேட்ட அளவு தகவல்தான் கிடைக்கிறது. இது பக்கச்சார்பு அல்ல, துல்லிய இழப்பு. ஆனால் அதே வகுப்பறையில் பக்கச்சார்பும் காத்திருக்கிறது: சர்வே நடந்த அன்று வகுப்புக்கு வராதவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டார் என்று கொள்ளலாம்.

விரிவுரையின் பாதி நேரத்தைப் பதிலளியாமைக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தக ஸ்லைடுகள் தேர்வு முறையோடு நின்றுவிடுகின்றன. குலுக்கலில் மிகச் சரியாக 400 பேரைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சலில் வினாப்படிவம் அனுப்புகிறோம். அவர்களில் 100 பேர் வேலை செய்பவர்கள், 300 பேர் செய்யாதவர்கள். வேலை செய்பவர்களுக்கு நேரம் குறைவு. அவர்களில் 30 விழுக்காட்டினர், அதாவது 30 பேர் பதில் அளிக்கிறார்கள். மற்றவர்களில் 60 விழுக்காட்டினர், அதாவது 180 பேர் பதில் அளிக்கிறார்கள். கையில் 210 பதில்கள் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்வோர் 30 பேர். மதிப்பீடு 14.3 விழுக்காடு. நூலக வாசலில் கிடைத்த 16-ஐவிட இது இன்னும் மோசம். குலுக்கலில் எடுத்த மாதிரி என்று அறிக்கையில் எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் பதில் அளித்தவர்கள் குலுக்கலில் வந்தவர்கள் அல்லர், தாங்களே முன்வந்தவர்கள்.

இதன் பின்னே உள்ள கணக்கு எளிமையானது. மாணவர்கள் அதைக் கரும்பலகையில் தாங்களே போட்டுப் பார்க்கட்டும். பக்கச்சார்பின் அளவு என்பது, பதில் அளிக்காதவர்களின் பங்கை, பதில் அளித்தவர்களுக்கும் அளிக்காதவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டால் பெருக்கினால் வருவது. பதில் அளிக்காதவர்கள் 190 பேர். அவர்களின் பங்கு 0.475. அவர்களில் வேலை செய்வோர் 70 பேர், அதாவது 36.8 விழுக்காடு. வேறுபாடு 14.3 கழித்தல் 36.8, அதாவது −22.5. பெருக்கினால் ஏறத்தாழ −10.7 கிடைக்கும், 25-இலிருந்து 14.3-க்கு இறங்கியதற்கு இதுவே கணக்கு. இதை ஒட்டி ஓர் எதிர் எடுத்துக்காட்டையும் காட்டுங்கள். இரு சாராரும் ஒரே அளவில் 30 விழுக்காடு பதில் அளித்திருந்தால் 30 பேரும் 90 பேரும் கிடைத்திருப்பார்கள். மதிப்பீடு சரியாக 25. அங்கே மொத்தப் பதில் விகிதம் 30 விழுக்காடு, முன்னதில் 52.5 விழுக்காடு. குறைந்த பதில் விகிதம் உள்ள சர்வே சரியாகவும், கூடிய பதில் விகிதம் உள்ளது தவறாகவும் இருக்க முடியும். ஆகவே இத்தனை விழுக்காட்டுக்கு மேல் பதில் வந்தால் போதும் என்ற விதி எதையும் ஸ்லைடில் எழுதாதீர்கள்.

வரலாற்று எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமென்றால் 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் நடத்திய கருத்துக்கணிப்பு இங்கேதான் பொருந்தும். அந்த இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளைப் பெற்று வென்றார். முகவரிகளைத் தொலைபேசி, கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்து எடுத்ததால் வசதி படைத்தவர்களே அதிகம் இடம்பெற்றார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைதான். பின்னர் வந்த ஆய்வுகள், சீட்டைப் பெற்றவர்களில் யார் திருப்பி அனுப்பினார்கள் என்பதிலும் பெரிய சாய்வு இருந்ததைக் காட்டின. எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் இருந்தன என்பதில் ஐயம் இல்லை.

எடையிட்டுச் சரி செய்யலாமே என்று ஒரு நல்ல மாணவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருந்து நூலக எடுத்துக்காட்டுக்குத் திரும்புங்கள். அங்கே விடுதி மாணவர்களின் 10 விழுக்காட்டுக்கு 0.4 என்றும், வீட்டு மாணவர்களின் 35 விழுக்காட்டுக்கு 0.6 என்றும் எடை கொடுத்தால் 4-உம் 21-உம் சேர்ந்து 25 வந்துவிடும். மிக அழகாகச் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அது சரியானதற்குக் காரணம், நூலகத்துக்கு வந்த வீட்டு மாணவர்கள் மற்ற வீட்டு மாணவர்களைப் போன்றவர்களே என்று நாம் ஓசையில்லாமல் வைத்துக்கொண்ட அனுமானம். மாலையில் வேலைக்குப் போகிறவர் மாலையில் நூலகத்தில் எப்படி இருப்பார்? அங்கே கிடைத்த 100 வீட்டு மாணவர்களில் 15 பேர் மட்டுமே வேலை செய்பவர்கள் என்று மாற்றிப் பாருங்கள். எடையிட்ட பிறகும் மதிப்பீடு 4-உம் 9-உம் சேர்ந்து 13 விழுக்காடுதான். பிரிவுகளின் பங்கை எடைகள் சரி செய்யும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் யார் வந்தார்கள் என்பதைச் சரி செய்யாது. ஒதுக்கீட்டு மாதிரியின் குறையும் இதுவே. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இத்தனை விடுதி மாணவர்கள் என்று எண்ணிக்கையை நிரப்பினாலும், அந்த எண்ணிக்கைக்குள் கைக்கு எட்டியவர்களே நிரம்புகிறார்கள்.

உண்மையான சர்வேயில் சரியான விடை தெரியாதபோது பக்கச்சார்பு இருக்கிறதா என்று எப்படி அறிவது என்பதற்கு முழுமையான விடை கிடையாது. சில அறிகுறிகளைத் தேடலாம். பதில் அளித்தவர்களின் பாலினம், படிக்கும் ஆண்டு, தங்குமிடம் ஆகியவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். பெரிய வேறுபாடு இருந்தால் அது எச்சரிக்கை. வேறுபாடு இல்லாதது மட்டும் நற்சான்று ஆகாது, ஏனென்றால் வேலை செய்வது பதிவேட்டில் இல்லை. முதல் அழைப்பிலேயே பதில் அளித்தவர்களையும் மூன்றாம் நினைவூட்டலுக்குப் பிறகு பதில் அளித்தவர்களையும் ஒப்பிடலாம். தாமதமாக வந்தவர்கள் வராதவர்களைப் போன்றவர்கள் என்று கொள்வது ஓர் ஊகமே.

இவற்றைவிட வலுவான வழி, ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் 1946-இல் முன்வைத்தது. பதில் அளிக்காதவர்களிலிருந்து ஒரு சிறு மாதிரியைக் குலுக்கி எடுத்து, அவர்களை மட்டும் நேரில் விடாமல் தேடிப்போய்க் கேட்பது. நம் 190 பேரில் ஐந்தில் ஒருவராக 38 பேரை எடுத்து, எல்லோரையும் சந்தித்து, 14 பேர் வேலை செய்பவர்கள் என்று கண்டால், அந்த 14-ஐ ஐந்தால் பெருக்கி 70 என்று கொள்கிறோம். முன்பு கிடைத்த 30-ஐயும் சேர்த்தால் 400-க்கு 100. மீண்டும் 25 விழுக்காடு. நடைமுறையில் எண்கள் இவ்வளவு நேர்த்தியாக அமையா. 38 பேரையும் சந்திப்பதும் கடினம். இருந்தாலும் ஆயிரம் பேருக்கு ஒரு முறை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, நானூறு பேருக்கு அனுப்பிவிட்டு மிச்சமுள்ள உழைப்பை இந்த 38 பேர் மீது செலவிடுவதே நல்லது என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

அளவீட்டால் வரும் பக்கச்சார்பைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். பகுதிநேர வேலை என்றால் என்ன என்று படிவத்தில் சொல்லாவிட்டால், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவரும் வீட்டில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவரும் தங்களுக்குத் தோன்றியபடி பதில் அளிப்பார்கள். வேலை செய்வதைக் கல்லூரி அனுமதிக்காத சூழலில், ஆசிரியர் முன்னிலையில் பெயரோடு கேட்டால் பலர் இல்லை என்பார்கள். கல்லூரியில் உள்ள 4,000 பேரிடமும் கேட்டாலும் இந்தப் பிழை அப்படியே இருக்கும். முழுக் கணக்கெடுப்பும் தவறலாம் என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள இதுவே எளிய வழி.

பாதையின் முதல் படியைக் கடைசியில் எடுப்பது நல்லது. எல்லாம் சரியாக நடந்தாலும் நமக்குக் கிடைத்தது அந்த ஒரு கல்லூரியின் மாணவர்களைப் பற்றிய விடை மட்டுமே. கல்லூரிக்குப் போகாத அதே வயதினரைப் பற்றியோ, வேறு கல்லூரிகளைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. டேவிட் சியர்ஸ் என்ற உளவியலாளர் 1986-இல், சமூக உளவியல் ஆய்வுகள் கல்லூரி மாணவர்களையே அளவுக்கு மீறிச் சார்ந்திருப்பதால் மனித இயல்பைப் பற்றிய சித்திரமே சாய்ந்திருக்கலாம் என்று எச்சரித்தார். விகிதங்களையும் சராசரிகளையும் மதிப்பிடும் ஆய்வுகளுக்கு இந்தத் தடை கண்டிப்பானது. இரு மாறிகளுக்கு இடையிலான உறவைச் சோதிக்கும் ஆய்வுகளில் மாணவர் மாதிரி எந்த அளவு போதும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதை விவாதத்தில் இருப்பதாகவே ஸ்லைடில் எழுதுங்கள்.

ஒருவர் வழியே அடுத்தவரைக் கண்டறிந்து சேர்க்கும் பனிப்பந்து மாதிரியை இந்த எடுத்துக்காட்டில் திணிக்க வேண்டாம். பட்டியலே இல்லாத, தங்களை வெளிப்படுத்திக்கொள்ளத் தயங்கும் மக்களை அணுகுவதற்கான முறை அது. பதிவேடு இருக்கும் கல்லூரியில் அதற்கு இயல்பான இடம் இல்லை. வேறொரு எடுத்துக்காட்டோடு தனியாகச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு, வரையறை கேட்கும் வினாக்களை விட்டுவிட்டு நான்கு சூழல்களைக் கொடுங்கள்: மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த இணையப் படிவம், காலை முதல் வகுப்பில் கொடுத்த தாள், விடுதி உணவுக்கூடத்தில் கேட்டது, பதிவேட்டிலிருந்து குலுக்கித் தொலைபேசியில் பகல் நேரத்தில் அழைத்தது. ஒவ்வொன்றிலும் விடுபடுபவர் யார், மதிப்பீடு 25-க்கு மேலே போகுமா கீழே போகுமா, ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். திசையைச் சொல்ல முடியாத இடத்தில், சொல்ல முடியாது என்று காரணத்தோடு எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். வாட்ஸ்அப் படிவத்தில் பெரும்பாலும் அதுதான் சரியான விடை.